சிறகு எங்கே முளைக்கிறது?

கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீடு. தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பிறகும் அந்த வரிசை வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் அம்மா, மகள், பாட்டி மூவரும் இருக்கிறார்கள். அப்பா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவார்.

மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மூன்று உயிர்களின் வாழ்க்கைச் சுழற்சியைப் படமாக வரைய வேண்டும். இரண்டு பூச்சி, ஒரு தவளை. ஒவ்வொரு நிலைக்கும் பெயர் எழுத வேண்டும். உறுப்புகளுக்குக் கோடு போட்டுப் பெயர் குறிக்க வேண்டும். கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'முழு உருமாற்றம்' அல்லது 'குறை உருமாற்றம்' என்று எழுத வேண்டும்.

அம்மா எழுத்தறிவு வகுப்பில் படிக்கக் கற்றவர். மகளின் நோட்டை வாங்கிப் பார்த்தார். முதல் படத்தில் வண்ணத்துப்பூச்சி இருந்தது. புத்தகத்தில் உள்ளதை அப்படியே பார்த்து வரைந்திருந்தாள்.

"இதை நீ எங்கே பாத்த?"

"பாக்கல. புக்குல இருக்கு."

"நம்ம டிரம்முல தினமும் ஒண்ணு நெளியுதே, அதை வரை. பாத்து வரையலாம்."

அது கொசுப்புழு.

டிரம்மில் ஒரு வாரம்

அந்த வீட்டில் குழாயில் எட்டு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். வாசலில் ஒரு நீல டிரம் இருக்கும். தண்ணீர் வந்ததும் டிரம்மை நிரப்புவார்கள். பாதி குறைந்தால் மறுபடி நிரப்புவார்கள். அடித் தண்ணீரை யாரும் கொட்டுவதில்லை. கஷ்டப்பட்டுப் பிடித்த தண்ணீரைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் வீட்டு வாசலிலும் இதே போல ஒரு டிரம்தான்.

அம்மாவும் மகளும் ஒரு கண்ணாடி பாட்டிலில் டிரம் தண்ணீரைப் பிடித்தார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு புழுக்கள் வந்தன. பாட்டிலின் வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினார்கள். இதை நன்றாக இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே கொசு வளர்த்தது போல ஆகிவிடும்.

முதலில் முட்டையைத் தேடினார்கள். தண்ணீரில் தேடினால் கிடைக்கவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டி வைக்கிறது. டிரம்மின் உள்பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது. மிளகுத் தூளை ஊதிவிட்டது போலக் கருப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒரு கொசு ஒரு தடவையில் சுமார் 100 முட்டை வரை இடும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் இடாமல் பல இடங்களில் பிரித்து இடுவதும் உண்டு.

இந்த முட்டைக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. தண்ணீர் வற்றிப் போனாலும் முட்டை சாகாது. காய்ந்தபடியே பல மாதம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் மட்டம் உயர்ந்து முட்டையை மூடினால் புழு வெளியே வரும். குழாயில் தண்ணீர் வந்த அன்று டிரம்மை விளிம்புவரை நிரப்புகிறோம் அல்லவா? சுவரில் காத்திருந்த முட்டைகளுக்கு அன்றுதான் பிறந்த நாள்.

பொரித்த புழு கண் இமை மயிரை விடச் சிறியது. காலும் கிடையாது, சிறகும் கிடையாது. தலையைக் கீழே தொங்கவிட்டு, வாலைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்து நிற்கும். வால் முனையில் ஒரு சிறு குழல் இருக்கிறது. அதுதான் மூச்சுக்குழல். வாய்ப்பக்கம் இருக்கும் மயிர்த் தூரிகைகளால் தண்ணீரைச் சுழற்றி, அதில் உள்ள நுண்ணுயிர்களையும் அழுக்குத் துகள்களையும் தின்னும். தின்பதுதான் புழுவின் ஒரே வேலை.

ஆனால் தின்று பெருத்தால் தோல் இடம் கொடுக்காது. பூச்சிகளின் தோல் சட்டை மாதிரி. நம் தோல் போல அது உடம்போடு வளராது. சட்டை சிறுத்துப்போனால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய சட்டையோடு வர வேண்டும். இதைத் தோலுரித்தல் என்கிறோம். கொசுப்புழு மூன்று முறை தோலுரிக்கும். அதனால் புழுவுக்கு நான்கு பருவம். பாட்டிலில் மிதந்த மெல்லிய வெள்ளைத் தோல்களைப் பார்த்து மகள், "செத்துப் போச்சும்மா" என்றாள். சாகவில்லை. அது கழற்றிப் போட்ட சட்டை. கூர்ந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

ஐந்தாறு நாள் ஆனதும் நான்காவது முறை தோலுரியும். இந்தத் தடவை வெளியே வருவது பெரிய புழு அல்ல. அது வேறு உருவம். பெரிய தலை, வளைந்த வால். நாம் எழுதும்போது போடும் காற்புள்ளியைப் போல இருக்கும். இதற்குக் கூட்டுப்புழு என்று பெயர். தொட்டால் குட்டிக்கரணம் போட்டு அடியில் ஓடும். இதற்குத் தின்ன வாய் கிடையாது. ஒன்றும் தின்னாமல் சுமார் இரண்டு நாள் இருக்கும்.

இங்கேதான் மகள் படத்தில் ஒரு தவறு செய்திருந்தாள். கூட்டுப்புழுவுக்கும் மூச்சுக்குழலை வாலில் போட்டிருந்தாள். அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாரு கண்ணு, புழு வாலால மேலே ஒட்டிக்கிட்டு நிக்குது. இது முதுகால ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ஆமாம்மா! ரெண்டு கொம்பு மாதிரி இருக்கு."

அந்தக் கொம்புகள்தான் கூட்டுப்புழுவின் மூச்சுக்குழல்கள். தலைக்குப் பின்னால், முதுகில் இரண்டு. ஏன் இப்படி இடம் மாறியது? கொசு வெளியே வரும்போது கூட்டுப்புழுவின் முதுகுதான் பிளக்கும். முதுகு தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் கொசு நனையாமல் வெளியேற முடியும். வால் மேலே இருந்தால் கொசு தண்ணீருக்குள் பிறந்து மூழ்கிப்போகும்.

எட்டாம் நாள் காலையில் அவர்கள் அதையும் பார்த்தார்கள். கூட்டுப்புழு அசையாமல் நின்றது. முதுகில் ஒரு கோடு விழுந்தது. கோடு பிளந்து, மெல்ல மெல்லக் கொசு எழுந்தது. தான் கழற்றிய தோலையே படகு போல வைத்து அதன் மேல் நின்றது. சிறகு காய்ந்ததும் துணிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. கருப்பு உடம்பு, கால்களில் வெள்ளை வளையம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அதுதான். கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை வளர்வதற்கு அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் கொசு செடிச் சாற்றையும் பூந்தேனையும் குடித்துப் போய்விடும்.

படம் 1. ஏடிஸ் கொசு
முட்டை → புழு (4 பருவம்) → கூட்டுப்புழு → கொசு → முட்டை
குறிக்க வேண்டியவை:
முட்டை: தண்ணீர் மட்டம், அதற்கு மேலே சுவரில் முட்டை
புழு: தலை, வாய்த் தூரிகை, வாலில் மூச்சுக்குழல்
கூட்டுப்புழு: முதுகில் இரண்டு மூச்சுக்குழல், வளைந்த வால்
கொசு: உறிஞ்சு குழல், ஒரு ஜோடி சிறகு, ஆறு கால்

வெயில் காலத்தில் முட்டை பொரித்ததிலிருந்து கொசு பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். குளிர் இருந்தால் இன்னும் நீளும். படத்தின் ஓரத்தில் நாள் கணக்கையும் எழுதினால் நல்லது.

புழுவுக்குள் ஒளிந்திருக்கும் சிறகு

புழுவுக்குக் கால் இல்லை, சிறகு இல்லை. கொசுவுக்கு ஆறு கால், இரண்டு சிறகு. இவை எங்கிருந்து வந்தன?

மகள் இதைக் கேட்டபோது பாட்டி, "கூட்டுக்குள்ள இருக்கும்போது முளைக்குது" என்றார். பாட்டி சொன்னது பாதி சரி. முளை அதற்கு முன்பே இருக்கிறது. புழுவின் தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், சிறகுக்கும் காலுக்கும் உரிய சின்னஞ்சிறு முளைகள் இருக்கின்றன. புழு தின்று வளரும்போது அவையும் உள்ளேயே வளர்கின்றன. கூட்டுப்புழு நிலையில் புழுவின் பழைய தசைகளில் பல கரைந்துபோகும். அந்தச் சத்தை எடுத்துக்கொண்டு முளைகள் பெரிய உறுப்புகளாகும். மெல்லும் வாய் போய் உறிஞ்சும் வாய் வரும். தின்ற உணவைச் செரித்த குடல் ரத்தத்தைச் செரிக்கும் குடலாக மாறும்.

பழைய வீட்டை ஒரு பகுதி இடித்து, அதே செங்கல்லை வைத்துப் புது வீடு கட்டுவது போல இது. வேலை நடக்கும்போது வீட்டில் சமைக்க முடியாது. கூட்டுப்புழு தின்னாமல் இருப்பது அதனால்தான்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கு நிலை இருந்தால் அது முழு உருமாற்றம். பட்டுப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி, ஈ, தேனீ, எறும்பு, வண்டு எல்லாம் இந்த வகை.

நிலை தெரிந்தால் கொசுவை எங்கே பிடிக்கலாம் என்பதும் தெரியும். சில மருந்துகள் புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். கூட்டுப்புழு தின்பதே இல்லை. அதனால் அந்த மருந்துக்கு அது சாவதில்லை. மருந்து போட்ட மறுநாள் கொசு வந்தால் மருந்து போலி என்று திட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே கூட்டுப்புழு ஆகிவிட்டவை தப்பியிருக்கலாம்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் போதுமா? போதாது. புழு போகும். சுவரில் முட்டை இருக்கும்.

"அதுக்காக எட்டு நாள் தண்ணிய கொட்டுறதாக்கா? குடிக்க என்ன பண்றது?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார். அது நியாயமான கேள்வி.

அம்மா செய்த வழி இது. தண்ணீர் வருவதற்கு முதல் நாள் டிரம்மில் மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். அதை மெல்லிய துணியில் வடிகட்டி வேறு குடத்தில் எடுத்தார். துணியில் தங்கிய புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வெயிலில் சூடான மண்ணில் உதறினார். சாக்கடையில் போட்டால் அவை அங்கே பிழைத்துக்கொள்ளலாம். பிறகு காலி டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நாரால் மேலிருந்து கீழ்வரை அழுத்தித் தேய்த்தார். முக்கியமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே தேய்த்தார். கழுவிய தண்ணீரையும் மண்ணில்தான் ஊற்றினார். புதுத் தண்ணீர் நிரப்பியதும் வாயில் துணி போட்டுக் கயிற்றால் கட்டினார். தகர மூடி போட்டால் ஓரத்தில் இடைவெளி விடும். கொசுவுக்கு அந்த இடைவெளி போதும்.

இதை வாரம் ஒரு முறை செய்தால் முட்டை கொசுவாக நேரம் கிடைக்காது. வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? அது மேலே உள்ள படத்திலிருந்து வந்த கணக்கு.

குட்டையில் ஒரு தட்டான்

இரண்டாவது பூச்சிக்காக மகள் ஊருக்கு வெளியே இருந்த குட்டைக்குப் போனாள். பாட்டி கூடப் போனார். தனியாகப் போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

குட்டையின் மேல் தட்டான்கள் பறந்தன. தும்பி என்றும் சொல்வார்கள். ஒன்று பறந்தபடியே வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. விளையாட்டு போலத் தெரியும். அது முட்டை இடுகிறது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சும் தண்ணீருக்குள்தான் வாழும். பாட்டி கரையோரச் சேற்றை ஒரு பழைய அரிப்புச் சல்லடையால் அள்ளினார். சேற்று நிறத்தில், அவரைக்கொட்டை நீளத்தில் ஒன்று நடந்தது. ஆறு கால், பெரிய கண். பார்க்கத் தட்டான் போலவே இல்லை.

"இது புழு. அப்ப முழு உருமாற்றம்" என்றாள் மகள்.

அவசரப்பட வேண்டாம். முதுகைப் பார்க்க வேண்டும். அதன் முதுகில் நான்கு சின்னப் பட்டைகள் பின்னோக்கிப் படிந்திருந்தன. அவை சிறகு மொட்டுகள். கொசுப்புழுவில் சிறகு உள்ளே ஒளிந்திருந்தது. இங்கே சிறகு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி முளைக்கிறது. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் இந்த மொட்டு கொஞ்சம் பெரிதாகும். பத்துப் பதினைந்து முறை தோலுரிக்கும் வகைகள் உண்டு. கடைசித் தோலுரிப்பில் மொட்டு விரிந்து சிறகாகும். நடுவில் கூட்டுப்புழு நிலை கிடையாது.

இப்படி முட்டை, இளம்பூச்சி, பூச்சி என்று மூன்றே நிலை இருந்தால் அது குறை உருமாற்றம். 'குறை' என்றால் ஊனம் என்று பொருள் அல்ல. ஒரு நிலை குறைவு, அவ்வளவுதான். இந்தப் பெயரைக் கேட்டுத்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். எவ்வளவு மாறியது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. தண்ணீரில் கிடந்த தட்டான் வானத்துக்குப் போகிறதே, அது சின்ன மாற்றமா? ஆனாலும் சிறகு வெளியே முளைத்தது, கூட்டுப்புழு இல்லை. அதனால் அது குறை உருமாற்றம்.

வெட்டுக்கிளியில் இது இன்னும் எளிதாகத் தெரியும். வெட்டுக்கிளிக் குஞ்சு சின்ன வெட்டுக்கிளியாகவே இருக்கும். சிறகு மட்டும் குட்டை. மூட்டைப்பூச்சியும் கரப்பானும் இந்த வகைதான். சமையலறையில் சில நேரம் வெள்ளைக் கரப்பான் தென்படும். அது வேறு ஜாதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இப்போதுதான் தோலுரித்த கரப்பான் அது. சில மணி நேரத்தில் பழைய நிறம் வந்துவிடும்.

தட்டான் குஞ்சு பெரிய வேட்டைக்காரன். அதன் கீழுதடு கைபோல மடிந்து முகத்துக்கு அடியில் இருக்கும். இரை அருகில் வந்தால் அந்த உதடு சட்டென்று நீண்டு கவ்வும். கொசுப்புழு, தலைப்பிரட்டை எல்லாம் அதற்குத் தீனி. மூச்சு விடுவது பின்பக்கத்தால். குடலின் கடைசிப் பகுதியில் செவுள் இருக்கிறது. பின்வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். பயந்தால் வேகமாகத் தள்ளும். உடனே உடம்பு அம்பு போல முன்னே பாயும்.

வளர்ந்து முடிந்ததும் ஓர் இரவில் செடித் தண்டைப் பிடித்துத் தண்ணீரை விட்டு மேலே ஏறும். முதுகு பிளக்கும். தட்டான் வெளியே வரும். சிறகு விரிந்து காய்ந்ததும் பறந்துவிடும். தண்டில் காலி ஓடு மட்டும் பிடித்தபடி நிற்கும். மகள் அப்படி ஒன்றைக் கோரைத் தண்டில் கண்டுபிடித்தாள். முதுகில் பிளவு இருந்தது. பிளவிலிருந்து வெள்ளை நூல்கள் தொங்கின. அவை மூச்சுக்குழாய்களின் உள் தோல். பூச்சி தோலுரிக்கும்போது மூச்சுக்குழாயின் உள்பக்கத்தையும் சேர்த்தே உரிக்கிறது. அந்த ஓட்டை அவள் நோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

படம் 2. தட்டான்
முட்டை → இளம்பூச்சி (பல முறை தோலுரிக்கும்) → தட்டான் → முட்டை
குறிக்க வேண்டியவை:
இளம்பூச்சி: சிறகு மொட்டு, மடிந்த கீழுதடு, ஆறு கால்
ஓடு: முதுகுப் பிளவு, வெள்ளை நூல்
தட்டான்: இரண்டு ஜோடி சிறகு, பெரிய கண், நீண்ட வயிறு

இளம்பூச்சியை ஒரே அளவில் வரையக் கூடாது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வரைந்து, சிறகு மொட்டு வளர்வதைக் காட்ட வேண்டும். படத்தின் உயிரே அந்த மொட்டில்தான் இருக்கிறது.

தேரையின் வால் எங்கே போகிறது?

குட்டையில் இன்னொன்றும் இருந்தது. நீர்ச்செடிகளைச் சுற்றி நீளமான வழவழப்பான கயிறு. உள்ளே கருப்பு மணிகள் வரிசையாக இருந்தன. பார்க்கக் கருகமணி கோத்தது போல இருக்கும். அது தேரையின் முட்டை. தவளை முட்டை பெரும்பாலும் குவியலாகவோ படலமாகவோ இருக்கும். தேரை முட்டை சரம் சரமாக இருக்கும். வீட்டு மூலையில் விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பிடிக்க வந்து உட்காருமே, அந்தச் சொறித் தேரைதான். தேரையும் தவளை இனத்தைச் சேர்ந்ததுதான். ஆகையால் மூன்றாவது படத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டொரு நாளில் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரும். முதலில் செவுள் கழுத்துப் பக்கம் வெளியே குஞ்சம் போலத் தெரியும். சில நாளில் தோல் மடிப்பு வளர்ந்து செவுளை மூடிவிடும். பிறகு கல்லிலும் செடியிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பாசி செரிக்க நேரம் எடுக்கும் உணவு. அதனால் அதன் குடல் மிக நீளம். வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்தால் தோலுக்குள் குடல் முறுக்குப் போலச் சுருண்டிருப்பது தெரியும்.

அடுத்து கால்கள். முதலில் தெரிவது பின்னங்கால். பிள்ளைகள் பலர் முன்னங்காலை முதலில் வரைந்துவிடுகிறார்கள். முன்னங்காலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் செவுளை மூடிய தோலுக்கு உள்ளே வளர்கிறது. அதனால் வெளியே தெரியாது. பின்னங்கால் நன்றாக வளர்ந்த பிறகுதான் முன்னங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

நான்கு காலும் வந்தபின் வால் குறையும்.

"வால் அறுந்து விழுந்துடுமா பாட்டி?"

"விழுந்தா குட்டை பூரா வாலாத்தான் கிடக்கும். எங்காவது பாத்தியா?"

பாட்டி சொன்னது சரி. வால் விழுவதில்லை. உடம்பே அதைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் சுரண்டும் வாய் மாறி அகலமான வாய் ஆகும். நீளக் குடல் குட்டையாகும். அதனால் அப்போது தேரைக் குஞ்சு ஒன்றும் தின்னாது. வாலில் இருந்த சத்துதான் அதற்குச் சாப்பாடு. கூட்டுப்புழுவுக்கும் இதற்கும் இந்த ஒரு ஒற்றுமை உண்டு. இருவரும் மாறும்போது பட்டினி.

அதே சமயத்தில் செவுள் போய் நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும். இனி அது தண்ணீரிலேயே கிடக்க முடியாது. பாட்டிலில் போட்டு வளர்ப்பவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஏறி உட்காரக் கல் இல்லாவிட்டால் குஞ்சு மூழ்கிச் செத்துப்போகும். தேரைக் குஞ்சு தண்ணீரில் மூழ்குமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அது உண்மை. குட்டையிலேயே விட்டுவிட்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பது நல்லது. மகள் அப்படித்தான் செய்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு மழை நாளில் கரையெல்லாம் சுண்டு விரல் நகம் அளவுத் தேரைகள் தாவின.

இந்த மாற்றத்தை எது தொடங்கி வைக்கிறது? நம் கழுத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. தலைப்பிரட்டைக்கும் அது உண்டு. அதன் சுரப்பு அதிகமாகும்போது கால் வளர்கிறது, வால் கரைகிறது. 1912-ஆம் ஆண்டு குடர்நாட்ச் என்ற அறிஞர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை வளர்ந்து பெரிதாகும் முன்பே உருமாறி, மிகச் சிறிய தவளைகள் ஆகிவிட்டன. அந்தச் சுரப்பைச் செய்ய அயோடின் வேண்டும். நாம் உப்பில் சேர்த்துத் தின்னும் அதே அயோடின்தான்.

படம் 3. தேரை
முட்டைச் சரம் → தலைப்பிரட்டை → பின்னங்கால் வந்தது → நான்கு கால், வால் → குட்டித் தேரை → தேரை
குறிக்க வேண்டியவை:
இளம் தலைப்பிரட்டை: வெளிச் செவுள், வால் துடுப்பு
வளர்ந்த தலைப்பிரட்டை: செவுளை மூடிய தோல், சுருண்ட குடல்
நான்கு கால் நிலை: குறையும் வால், அகலும் வாய்

எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. தேரைக்கு முழு உருமாற்றமா, குறை உருமாற்றமா? கூட்டுப்புழு இல்லை, அதனால் குறை என்று மகளின் தோழி எழுதியிருந்தாள். உருவம் அடியோடு மாறுகிறது, அதனால் முழு என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள்.

இரண்டும் பொருந்தாது. முழு, குறை என்ற இந்தப் பிரிவு பூச்சிகளுக்காக ஏற்பட்டது. கூட்டுப்புழு உண்டா, சிறகு உள்ளே முளைக்கிறதா, வெளியே முளைக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார்கள். தேரைக்குச் சிறகே இல்லை. தேரையில் நடப்பதை உருமாற்றம் என்று மட்டும் சொன்னால் போதும். மகள் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதினாள்: "உருமாற்றம் உண்டு. கூட்டுப்புழு இல்லை. முழு, குறை என்பது பூச்சிகளுக்கு." ஆசிரியர் அதைச் சரி என்று குறித்தார்.

எல்லாத் தவளையும் இப்படித்தான் என்றும் எழுதிவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புதர்த் தவளைகள் என்று சின்னச் சின்னத் தவளைகள் உண்டு. அவற்றில் பல வகைகள் தண்ணீரில் முட்டை இடுவதில்லை. ஈரமான இலையிலோ மண்ணிலோ மூங்கில் குழாய்க்குள்ளோ இடுகின்றன. நீந்தும் தலைப்பிரட்டை அவற்றில் வெளியே வருவதே இல்லை. வளர்ச்சி எல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே குதிக்கும். அந்தத் தவளைக்குப் படம் வரைந்தால் மூன்றே நிலை: முட்டை, குட்டித் தவளை, தவளை.